பிளாஸ்டிக் ரோஜாவும் ரசச் சட்டியும்

போன மாதம் நிபோங் திபாலில் எங்கள் வீட்டில் நண்பர்கள் நாலு பேர் கூடினோம். ஒரு சிறுகதைத் தொகுப்பைப் பற்றிப் பேசத்தான் வந்தார்கள். பேச்சு முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது, மேசையில் நான் அளவு நாடாவை வைத்துக்கொண்டு ஏதோ குறித்துக்கொண்டிருந்ததை ஒருவர் பார்த்துவிட்டார். சாப்பாட்டு மேசை பற்றி ஒரு கட்டுரை எழுதப்போகிறேன் என்றேன். சிரிப்பு. "கதை எழுதறத விட்டுட்டு வீட்டு அலங்காரத்துக்குப் போயிட்டியாடா" என்றார் ஒருவர். இன்னொருவர் சிரிக்கவில்லை, கோபப்பட்டார். "மேசையே நம்முது இல்ல. வெள்ளக்காரன் கொண்டாந்தது. நம்ம ஆளுங்க தரையில சப்பணம் போட்டு இலையில சாப்பிட்டவங்க. அத எழுது."

இரண்டு பேருக்கும் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மூன்றாவதாக ஒரு தரப்பும் இருக்கிறது. அது அன்று அங்கே இல்லை, ஆனால் எல்லோர் கைப்பேசியிலும் இருந்தது. மேசைக்கு நடுவே நீளத் துணி, அதன்மேல் உயரமான பூச்சாடி, இரண்டு பக்கமும் மெழுகுவத்தி, அடுக்கி வைத்த சாம்பல் நிறத் தட்டுகள், ஒரு பருக்கை சோறு கூட இல்லாத படம். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் என் அக்கா எங்கள் அம்மாவுக்கு ஒரு பூங்கொத்து வாங்கிக் கொடுத்தாள். பிளாஸ்டிக் ரோஜா. அடியிலிருந்து நுனிவரை 45 சென்டிமீட்டர். அளந்துதான் சொல்கிறேன்.

முதலில் தரைக்காரருக்கு.

நான் பிறந்தது தாமான் வீட்டில். அம்மா பிறந்தது தோட்டத்து லயத்தில். நிபோங் திபாலைச் சுற்றி இருந்ததெல்லாம் ஒரு காலத்தில் கரும்பு, பிறகு ரப்பர், பிறகு செம்பனை. நம் ஆட்கள் இங்கே வந்ததே அந்தக் கரும்புக்குத்தான். பக்கத்தில் கலிடோனியா தோட்டத்தில் தொண்ணூற்றொன்பது கதவு மாளிகை என்று ஒன்று பாழடைந்து கிடக்கிறது. ராம்ஸ்டன் குடும்பத்துடையது. அந்தக் குடும்பத்து ஜான் ராம்ஸ்டன் 1948இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு எழுந்த பேய்க்கதைகள்தான் இன்றைக்கு அந்த வீட்டின் புகழ். எனக்குப் பேயில் ஆர்வமில்லை. அத்தனை கதவு வைத்த வீட்டில் சாப்பாட்டுக்கென்று ஒரு அறையும், அதில் ஒரு நீள மேசையும், பரிமாற ஆளும் இருந்திருக்கும். சுற்றியிருந்த லயத்து வீட்டில் ஒரே அறை. பாய் விரித்தால் அது படுக்கை, சுருட்டினால் அது சாப்பாட்டு இடம். ஆயா தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது பண்பாட்டுப் பற்றினால் என்று சொல்கிற நண்பர், ஒரு மேசையை அந்த அறைக்குள் எங்கே போட்டிருப்பார் என்றும் சொல்ல வேண்டும். எழுபது வயதில் முட்டி தேய்ந்த பிறகு ஆயாவுக்குத் தரையிலிருந்து எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. கடைசி ஆறு வருஷம் அவர் மேசையில்தான் சாப்பிட்டார். ஒருநாள்கூட அதற்காக வருத்தப்பட்டதில்லை.

ஆனால் தரைக்காரரிடம் ஒரு நியாயம் இருக்கிறது. அதை அவர் சொல்லத் தெரியாமல் சொல்கிறார். இலையில் ஒழுங்கு இருந்தது. நுனி இடது பக்கம், மேல் பாதியில் உப்பு, ஊறுகாய், கறிவகை, கீழ்ப்பாதியில் சோறு. எது எங்கே என்று கை யோசிக்காமல் போகும். இலைக்கு வெளியே ஒரே ஒரு தம்ளர். அவ்வளவுதான். அந்த ஒழுங்கை மேசைக்கு ஏறும்போது நாம் கீழேயே விட்டுவிட்டோம். மேசைக்கு ஏறியது வேறொன்று.

எங்கள் வீட்டு மேசையில் என்ன இருந்தது என்று ஒரு சனிக்கிழமை எண்ணினேன். ரோஜா. டிஷ்யூ பெட்டி. மாத்திரை டப்பா, அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. மின்சாரக் கட்டண ரசீது, தண்ணீர் ரசீது. மைலோ டின், சீனி போத்தல், பிஸ்கட் டின். மூன்று ஊறுகாய் போத்தல், அதில் ஒன்று காலி. வெந்நீர் பிளாஸ்க். கார் சாவி. துடோங் சாஜி, அதாவது பலகாரத்தின்மேல் கவிழ்க்கிற அந்தக் குடை. கண்ணாடிக் கூடு. கோயில் அழைப்பிதழ், திருவிழா முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் மரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. மொத்தம் பதினெட்டு உருப்படி. ஆறு பேர் மேசையில் ஒரு தட்டு வைக்க மட்டும் இடம் இருந்தது. அப்பா அந்த ஒரு இடத்தையும் பயன்படுத்துவதில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சி முன்னால். அம்மா அடுப்படியில், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. நான் என் அறையில், கணினி முன்னால். மூன்று பேர் இருக்கிற வீட்டில் மூன்று இடத்தில் சாப்பாடு. நடுவில், யாரும் உட்காராத மேசையில், வாடாத ரோஜா.

இதைத்தான் அலங்காரம் என்று படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினோம். கட்டண ரசீதுகளைப் படத்துக்கு வெளியே தள்ளிவிட்டு.

இப்போது அந்தக் கைப்பேசிப் படத்துக்கு வருகிறேன். மேசை நடுவில் பூ வைப்பது எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவில் பணக்கார வீட்டு விருந்தில் பழைய முறை, எல்லாப் பதார்த்தத்தையும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பிவிடுவது. பிரெஞ்சுப் பரிமாறல் என்று அதற்குப் பெயர். வெள்ளியில் செய்த அலங்காரப் பொருளும் நடுவே இருக்கும், ஆனால் மேசை முழுக்கச் சாப்பாடுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது மாறி ரஷ்யப் பரிமாறல் பரவியது. ஒவ்வொரு பதார்த்தமாக அடுப்படியிலிருந்து வரும், பணியாள் ஒவ்வொருவருக்கும் நீட்டுவார், அடுத்தது வரும். சாப்பாடு மேசையை விட்டுப் போனதால் நடுவில் இடம் காலியானது. அந்தக் காலியைத்தான் பூவும் பழமும் நிரப்பின.

இது சின்னச் செய்தியில்லை. நடுவில் பெரிய பூச்சாடி வைத்த மேசை என்றால், அது பணியாள் இருக்கிற வீட்டு மேசை. சோறும் குழம்பும் வேறெங்கோ இருக்கின்றன, யாரோ ஒருவர் எழுந்து நடந்து கொண்டுவருகிறார் என்று பொருள். நம் வீட்டில் அந்த யாரோ ஒருவர் யார்?

நானும் சாதாரணமாக இதை யோசித்திருக்க மாட்டேன். அக்கா குடும்பம் வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, விருந்தாளி வருகிறார்கள் என்று மேசையைத் துடைத்து, ரசீதுகளை மறைத்து, ரோஜாவை நடுவில் நிறுத்தி ஆறு பேர் உட்கார்ந்தோம். அம்மாவுக்கும் ஒரு நாற்காலி இருந்தது. ரோஜா இடத்தைப் பிடித்துக்கொண்டதால் சோற்றுப் பானையும் குழம்புச் சட்டியும் அடுப்படியிலேயே இருந்தன. நான் எண்ணத் தொடங்கினேன். சோறு, எழுந்தார். குழம்பு, எழுந்தார். அப்பளம். மருமகனுக்கு மீன். பிள்ளைக்கு முட்டை. ரசம். மறுசோறு. தண்ணீர். மோர். ஊறுகாய் எங்கே. இன்னொரு கரண்டி ரசம். பதினொரு தடவை. அவர் தட்டில் சோறு ஆறிக் காய்ந்துபோயிருந்தது. நாங்கள் கைகழுவிய பிறகுதான் அவர் உண்மையில் சாப்பிட்டார். அப்போது அக்கா ரோஜாவோடு சேர்த்து எங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா அந்தப் படத்தில் இருக்கிறார். முகம் ரோஜாவுக்குப் பின்னால்.

அதனால் நான் மேசையை அளந்தேன். எங்கள் மேசை நீளம் 150, அகலம் 90 சென்டிமீட்டர். தாமான் வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஒருவர் கை முட்டாமல் சாப்பிட 60 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். தட்டு 26. மேசை ஓரத்திலிருந்து தட்டுக்கு ஒரு 3 விட வேண்டும். அலங்காரப் படத்தில் இருப்பதுபோல் தட்டுக்கு அப்பால், மேலே, தம்ளர் வைத்தால் இன்னொரு 8. மொத்தம் 37. எதிரெதிரே இரண்டு பேர் என்றால் 74. 90இல் மிச்சம் 16. பதினாறு சென்டிமீட்டரில் எந்தக் குழம்புச் சட்டியும் உட்காராது. எங்கள் சட்டி 22.

இங்கேதான் ஒரு சின்ன விஷயம் கண்ணில் பட்டது. தம்ளரை ஏன் தட்டுக்கு மேலே வைக்க வேண்டும்? மேற்கத்திய முறையில் தம்ளர் வலது பக்கம் மேலே இருக்கும், வலது கையால் எடுக்க. நமக்கு வலது கையில் சோறும் குழம்பும். நாம் தண்ணீர் குடிப்பது இடது கையால். ஆக தம்ளர் தட்டுக்கு இடது பக்கத்தில், தட்டோடு ஒரே வரிசையில் இருக்க வேண்டும். 60 அகலத்தில் 26 தட்டு, பக்கத்தில் 8 தம்ளர், தாராளமாக இடம் இருக்கிறது. இப்போது ஒருவருக்கு ஆழம் 29 போதும். எதிரெதிரே 58. நடுவில் மிச்சம் 32. சட்டி உட்காரும், கரண்டிக் காம்பும் நீட்டிக்கொண்டிருக்கலாம். ஒரு தம்ளரை நகர்த்தியதில் நடுப்பகுதி இரண்டு மடங்கானது. அறுபது வருஷமாக மேசை வைத்திருக்கிற ஒரு சமூகம் இதைக்கூட யோசிக்காமல் படத்தைப் பார்த்துத் தம்ளரை வைத்திருக்கிறது என்பதுதான் எனக்குக் கோபம்.

அந்த 32 சென்டிமீட்டர் பட்டைதான் நம் மேசையின் நடு. அங்கே பூ வைக்காதீர்கள். சோற்றை வையுங்கள். எங்கள் வீட்டில் இப்போது இப்படி: நடுவில் சோறு, 24 அகலமுள்ள மூடி போட்ட பாத்திரம். அதற்கு இரண்டு பக்கமும் குழம்பும் பொரியலும். ஒரு ஓரத்தில் ரசம். எல்லாம் சேர்த்து வரிசையாக வைத்தாலும் 80 சென்டிமீட்டருக்கு மேல் போகவில்லை. 150 நீளத்தில் மேசையின் இரண்டு நுனியும் காலியாகவே இருக்கின்றன. கரண்டிகளின் காம்பு ஆளுக்கொரு பக்கம் திரும்பியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் மட்டும் எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டிருப்பார். இடது கையால் எடுத்துப் போட்டுக்கொள்வதை ஆயா இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். ஆயாவிடம் நான் தோற்றுப்போயிருப்பேன். அப்பாவிடம் ஜெயித்தேன்.

பாத்திரத்தை அப்படியே மேசையில் வைக்க நம் வீட்டுப் பெண்களுக்கு ஒரு கூச்சம். அடிப்பிடித்த கறி, மேசையில் சூட்டுத் தடம். அதற்குத்தான் நம்மிடம் பிரிமணை இருந்தது. வைக்கோலில், தேங்காய்நாரில் முறுக்கிய வளையம். பானை உருளாமல் நிற்கவும், சூடு தரையில் இறங்காமல் இருக்கவும். மேசைக்கு நீளத் துணி வாங்க அறுபது வெள்ளி கொடுக்கிறவர்கள் பிரிமணை வாங்குவதில்லை. நீளத் துணியில் முதல் நாளே மஞ்சள் படும், பிறகு அதைக் காப்பாற்ற மேலே பிளாஸ்டிக் போடுவார்கள். நான் பிளாஸ்டிக் விரிப்பை உரித்து எடுத்தபோது மரத்தில் வெள்ளை வெள்ளையாக வட்டம். சூடான பாத்திரத்தின் ஈரம் விரிப்புக்கும் மரப்பூச்சுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு பூச்சைக் கெடுத்திருந்தது. காப்பாற்றப் போட்டதுதான் கெடுத்தது. இப்போது நான்கு பிரிமணை, துடைக்க ஒரு துணி, வேறொன்றும் இல்லை. வட்டங்கள் அப்படியே இருக்கின்றன, இருக்கட்டும்.

குழம்பை இன்னொரு அழகான கிண்ணத்துக்கு மாற்றி வை என்று படங்கள் சொல்லும். மாற்றலாம். கூடுதலாக நான்கு கிண்ணம் கழுவ வேண்டும். அதை யார் கழுவுவது என்று முடிவுசெய்துவிட்டு மாற்றுங்கள். எங்கள் வீட்டில் மண்சட்டிக் குழம்பு சட்டியோடே வரும், அதைவிட லட்சணமான பாத்திரம் எங்களிடம் இல்லை. பொரியல் மட்டும் கிண்ணத்துக்கு மாறும், வாணலி கைப்பிடி எல்லோர் முழங்கையிலும் இடிப்பதால்.

அப்படியென்றால் பூவே வேண்டாமா? வேண்டும். சாப்பாடு இல்லாத நேரத்தில் மேசை மொட்டையாகக் கிடந்தால் அரை மணி நேரத்தில் அங்கே கார் சாவி வந்து விழும். காலி மேசை ஒரு குப்பைக்கூடைக்கு விடும் அழைப்பு. நடுவில் ஏதோ ஒன்று, இது சாப்பிடுகிற இடம் என்று சொல்ல வேண்டும். என் கட்டுப்பாடு ஒன்றே ஒன்று. அதை ஒரு கையால் ஒரே தடவையில் தூக்க முடிய வேண்டும். இரண்டு கை வேண்டுமென்றால் அது தட்டுமுட்டுச் சாமான், பூச்சாடி இல்லை. எங்களிடம் இருந்த சின்னத் தாம்பாளத்தை எடுத்தேன், 28 சென்டிமீட்டர். அதில் உப்பு, ஒரு ஊறுகாய், ஒரே ஒரு ஊறுகாய், பக்கத்தில் ஒரு குட்டையான கிண்ணத்தில் பூ. மாலையில் சோறு வரும்போது தாம்பாளத்தைத் தூக்கி மேசையின் காலியான நுனிக்குத் தள்ளிவிடுவோம். முடிந்ததும் நடுவுக்கு வரும்.

உயரம் பற்றி ஒரு வார்த்தை. மேசையில் முழங்கையை ஊன்றி முஷ்டியை நிமிர்த்துங்கள். உங்கள் முஷ்டிக்குக் கீழே பூ நின்றுவிட்டால் எதிரில் இருப்பவர் முகம் தெரியும். 25 சென்டிமீட்டருக்குள் என்றால் சிறுபிள்ளை முகமும் தெரியும். அம்மாவின் முகத்தை மறைத்த ரோஜா 45. நாமெல்லாம் பள்ளியில் படித்த குறள்தான், விருந்தோம்பல் அதிகாரத்தின் கடைசியில் அனிச்சப்பூ வருகிறது. அந்தப் பூ மோந்தால்தான் வாடும், விருந்தாளி நம் முகம் கொஞ்சம் மாறினாலே வாடிவிடுவார் என்கிறார். அந்த உவமைக்கு அடிப்படையே, வந்தவருக்கு நம் முகம் தெரிகிறது என்பது. வள்ளுவருக்குப் பிளாஸ்டிக் ரோஜாவைத் தெரியாது.

என்ன பூ? வாசனைப் பூ வேண்டாம். மல்லிகை சாமி அறையில் இருக்கட்டும், சோற்றுக்குப் பக்கத்தில் அது ரசத்தின் வாசனையோடு சண்டை போடும். வெளியே வேலியில் இருக்கிற இட்லிப்பூ ஒரு கொத்து போதும், சில நாள் நிற்கும். செம்பருத்தி ஒரே நாளில் சுருங்கிவிடும், ஆனால் அதற்குத் தண்ணீரே வேண்டாம், தாம்பாளத்தில் சும்மா வைத்தால் சாயங்காலம்வரை மலர்ந்தே இருக்கும். தேசிய மலரை இதைவிடச் சுலபமாக வீட்டுக்குள் கொண்டுவர முடியாது. மெழுகுவத்தி வேண்டவே வேண்டாம். முப்பது டிகிரி வெக்கையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு மெழுகுவத்தி ஏற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வியர்த்துக்கொண்டே புன்னகைக்கிறார்கள்.

தண்ணீரில் வைக்கிற பூவுக்கு இந்த ஊரில் ஒரு ஆபத்து உண்டு, அதைப் படங்கள் சொல்வதில்லை, ஏனென்றால் அந்தப் படங்கள் குளிர் நாட்டில் எடுத்தவை. ஏடிஸ் கொசு முட்டையிடுவதற்குப் பூச்சாடித் தண்ணீர் தாராளம். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள். அதனால் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்ற வேண்டும். மாற்றினால் மட்டும் போதாது. முட்டை தண்ணீருக்குச் சற்று மேலே கிண்ணத்தின் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். விரலால், நாரால் உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுத்துக் குறுகிய சாடியில் கை போகாது. அகன்ற வாய்க் கிண்ணத்தைச் சொல்வதற்கு எனக்கு அழகைவிட இதுதான் காரணம். அதிர்ஷ்ட மூங்கிலை நெட்டைக் கண்ணாடிச் சாடியில் மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாமல் வைத்திருக்கிறவர்கள் ஒரு டார்ச் விளக்கடித்துப் பாருங்கள். உள்ளே ஏதாவது நெளிந்தால், சுகாதார அதிகாரி பார்ப்பதற்கு முன் நீங்களே பார்த்தது நல்லது. 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டம் உண்டு.

இனி தட்டு. இங்கேதான் எனக்கும் அம்மாவுக்கும் உண்மையான சண்டை.

எங்கள் வரவேற்பறையில் ஒரு கண்ணாடி அலமாரி. உங்கள் வீட்டிலும் இருக்கும். அதில் கோரெல் தட்டு பன்னிரண்டு, ஓரத்தில் சின்னப் பூவேலை. அம்மா குத்துப் பிடித்துச் சீட்டுக் கட்டி வாங்கியது. வாங்கி இருபது வருஷம். நாங்கள் தினமும் சாப்பிட்டது மெலமைன் தட்டில், பாசார் மாலத்தில் மூன்று பத்து வெள்ளிக்கு வாங்கியதில். "அது விருந்தாளிக்குலா" என்பார் அம்மா. சரி, விருந்தாளி வந்தார்கள். தீபாவளித் திறந்த இல்லத்துக்கு ஐம்பது பேர். அவர்களுக்கு என்ன கொடுத்தோம்? காகிதத் தட்டு. ஐம்பது பேருக்குப் பன்னிரண்டு தட்டு போதாது, கழுவ ஆளில்லை. ஐந்து பேர் வந்தால்? "அவங்க நம்ம ஆளுங்கதானே." மெலமைன். இருபது வருஷத்தில் அந்தத் தட்டுகளில் சாப்பிட்டவர்கள் மாப்பிள்ளை வீட்டார் மட்டும், ஒரே ஒரு நாள். எந்த விருந்தாளிக்கும் அது எட்டவில்லை, எங்களுக்கும் எட்டவில்லை. நமக்கு நல்ல தட்டு ஆகாது என்பது லயத்திலிருந்து நம்மோடு மூட்டை கட்டி வந்த எண்ணம். தரையிலிருந்து மேசைக்கு ஏறினோம், இந்த எண்ணத்தை மட்டும் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டோம்.

மெலமைனை நான் ஏளனம் செய்யவில்லை. உடையாது, லேசு, மலிவு. பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு அது ஒரு வரம்தான். ஆனால் நம் சாப்பாட்டுக்கு அது ஆகாது. கொதிக்கக் கொதிக்க, புளிப்பாக, ரசத்தையும் புளிக்குழம்பையும் அதில் ஊற்றுகிறோம். சூடும் புளிப்பும் சேர்ந்தால் அந்தப் பிசினிலிருந்து மெலமைன் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டில் இறங்கும். தைவானில் 2013இல் வெளியான ஓர் ஆய்வில், மெலமைன் கிண்ணத்தில் சூடான நூடுல்ஸ் சூப் குடித்தவர்களின் சிறுநீரில், பீங்கான் கிண்ணத்தில் குடித்தவர்களைவிட மெலமைன் கூடுதலாக இருந்தது. பன்னிரண்டு பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான், அதைக் காட்டி யாரையும் பயமுறுத்த மாட்டேன். பயமுறுத்தாமல் ஒன்று சொல்லலாம். உங்கள் தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். பளபளப்பு போய் மங்கி, நடுவில் நாரால் தேய்த்த கீறல்களில் மஞ்சள் ஏறி, எத்தனை கழுவினாலும் போகவில்லையென்றால் அதன் மேற்பூச்சு தேய்ந்துவிட்டது. அதில் பிஸ்கட் வையுங்கள், ரசம் ஊற்றாதீர்கள். மைக்ரோவேவிலும் வைக்காதீர்கள்.

அதற்குப் பதில் எது? சாம்பல் நிறத்தில் விளிம்பு பட்டையாக இருக்கிற தட்டு இப்போது எல்லோர் வீட்டிலும் வருகிறது. முள்கரண்டிக்குச் செய்த தட்டு அது. கையால் பிசைந்து சாப்பிடுகிறவருக்கு ஒரு சுவர் வேண்டும், சோற்றைத் தள்ளிப் பிடிக்க, ரசம் வழியாமல் இருக்க. இரண்டு சென்டிமீட்டர் சுவர் இருக்கிற எவர்சில்வர் தட்டைச் செய்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. எவர்சில்வரில் குறை ஒன்றுதான், சூடு சீக்கிரம் போகும், மின்விசிறிக்குக் கீழே இன்னும் சீக்கிரம். பீங்கானில் குழிவான தட்டு, 26இலிருந்து 27 வரை, கிடைத்தால் நல்லது. பாசார் மாலத்தில் சேவல் படம் போட்ட சீனக் கிண்ணம் விற்பார்கள், ரசம் தனியாகக் குடிக்க அதைவிட நல்லது நான் பார்க்கவில்லை. ஒரே ஜோடியாக இருக்க வேண்டும் என்று கிடையாது. ஆறு தட்டு ஒரே அளவில் இருந்தால் அடுக்க வசதி, அவ்வளவுதான். பதினெட்டு வகைத் தட்டு அடுக்களையில் இருந்தால் மேசையும் அப்படியே இருக்கும். நாங்கள் ஆளுக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்துவிட்டோம்.

கோரெல் தட்டை வெளியே எடுத்தது நான். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. அந்தத் தட்டு மெல்லிசு, சுலபத்தில் உடையாது, ஆனால் உடைந்தால் ஊசி ஊசியாகச் சிதறும். இதை அம்மா சரியாகவே சொன்னார். மூன்றாவது வாரம் ஒன்று உடைந்தது, என் கையில். டைல்ஸ் தரையில் அடுப்படிவரை பறந்தது, மறுநாள்கூடக் குளிர்பெட்டிக்கு அடியில் ஒரு சில்லு கிடைத்தது. நான் வசைக்குக் காத்திருந்தேன். "இருபது வருஷம் உடையாம இருந்துச்சு" என்றார். பிறகு, "இருபது வருஷம் யாரு சாப்பிட்டா" என்று அவரே சொன்னார். அதில் எனக்குச் சாதகமா பாதகமா என்று இன்றுவரை தெரியவில்லை.

கதை எழுதுகிறவன் இதை ஏன் எழுத வேண்டும் என்று சிரித்த நண்பருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நம் தோட்டத்துக் கதைகளில் பசி வருகிறது, கஞ்சி வருகிறது, தட்டைத் தூக்கி எறிகிற குடிகார அப்பா வருகிறார். அம்மா எப்போது சாப்பிட்டார், எங்கே, நின்றுகொண்டா உட்கார்ந்துகொண்டா என்று எத்தனை கதையில் படித்திருக்கிறோம்? நான் எழுதிய ஏழு கதைகளையும் எடுத்துப் பார்த்தேன். ஏழிலும் அம்மாக்கள் பரிமாறுகிறார்கள். ஒருத்தி கூட ஒரு வாய் சாப்பிடவில்லை. தியாகம் என்று நினைத்து எழுதியிருக்கிறேன். மேசையை அளக்காமல் எழுதினால் இப்படித்தான் வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா குடும்பம் மறுபடி வந்தது. பட்டையில் சோறு, குழம்பு, பொரியல், ரசம். தம்ளர்கள் இடது பக்கம். தாம்பாளம் நுனியில், செம்பருத்தி ஒன்று. ரோஜா இப்போது குளிர்பெட்டியின் மேல், அக்காவின் மனம் நோகக்கூடாதே என்று. நான் மறுபடி எண்ணினேன். அம்மா இரண்டு தடவை எழுந்தார். ஒன்று அப்பளத்துக்கு, இன்னொன்று பழக்கதோஷம், எழுந்துவிட்டு எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். அப்பா தொலைக்காட்சியை விட்டு வர ஒத்துக்கொள்ளவில்லை, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பாதி மேசையிலும் பாதி செய்தியிலும் இருந்தார். ஒரு கட்டத்தில் அம்மா தட்டிலிருந்து தலை நிமிராமலேயே எதிரில் இருந்த மருமகனிடம், "தம்பி, அந்த ரசத்த இப்படித் தள்ளுங்க" என்றார். மருமகன் ஒரு நொடி திகைத்து, ரசச் சட்டியைப் பிரிமணையோடு தள்ளினார்.